முதலில் மருந்தை எண்ணுங்கள்

அமெரிக்காவில் நடந்த ஸ்பிரிண்ட் ரத்த அழுத்த ஆய்வின் முடிவுகள் 2015-இல் வெளியாயின. சேர்வோருக்கு வயது 50 ஆகியிருக்க வேண்டும், இதயநோய் அபாயம் கூடுதலாக இருக்க வேண்டும், மேல் அழுத்தம் 130 முதல் 180 வரை இருக்க வேண்டும். சர்க்கரை நோயோ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இடமில்லை.

இந்தக் குறிப்பை அப்படியே கேள்விப் பட்டியலாக்கினால் பிசகும். அழுத்தத்தின் உச்சவரம்பு, சாப்பிடும் ரத்த அழுத்த மருந்துகளைப் பொறுத்தது: ஒன்று வரை 180, இரண்டுக்கு 170, மூன்றுக்கு 160, நான்குக்கு 150.

62 வயதுக்காரர் ஒருவர் இரண்டு மருந்து சாப்பிடுகிறார், அழுத்தம் 174 என்று வைத்துக்கொள்வோம். 180-ஐ மட்டும் பார்க்கும் பணியாளர் அவரைச் சேர்த்துவிடுவார்.

ஆகவே பட்டியலில் வயது, சர்க்கரை, பக்கவாதம் முதலில் வரும், தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம். அடுத்து, மருந்துச்சீட்டைப் பார்த்து எண்ணிக்கை. அழுத்தம் அதற்குப் பிறகே. ‘ஆம்’, ‘இல்லை’யுடன் ‘தெரியவில்லை’ என்றொரு கட்டமும் வேண்டும். அதில் குறி விழுந்தால் ஆய்வு மருத்துவர் முடிவெடுப்பார்.