மாமியாருக்குப் பூனை என்றால் பயம்

"அது ஒண்ணும் பண்ணாது, சும்மா தொட்டுப் பாருங்க." பூனைக்குப் பயப்படுகிறவரிடம் வீட்டார் சொல்லும் முதல் வார்த்தை இது. இதனால் பயம் குறைவதில்லை. ஒன்றும் பண்ணாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் சோபாவுக்கு அடியிலிருந்து பூனை பாய்ந்தால் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. அவர் உடனே அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறார், படபடப்பு அடங்குகிறது. கதவுதான் காப்பாற்றியது என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. கதவைச் சாத்தாமல் உட்கார்ந்திருந்தாலும் அது சிறிது நேரத்தில் தானாக இறங்கும் என்பதைப் பார்க்க வாய்ப்பே கிடைப்பதில்லை.

அந்த வாய்ப்பைப் படிப்படியாகக் கொடுப்பதுதான் சிகிச்சை. ஃப்ரீமன், கென்ட்ரிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1960-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு பெண்ணின் கதையை எழுதினார்கள். சிறுவயதிலிருந்தே பூனைப் பயத்தால் அவதிப்பட்டவர் அவர். பூனையின் ரோமத்தைப் போலவே இல்லாத துணியை முதலில் தொடச் சொன்னார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ரோமத்தை ஒத்த துணிகள், முயல் ரோமம், பொம்மைப் பூனைக்குட்டி, பூனைப் படங்கள். கடைசியில் உயிருள்ள குட்டி ஒன்றை அவரே வீட்டுக்குக் கொண்டுபோனார். குட்டி நாளுக்கு நாள் வளர, பெரிய பூனையும் அவருக்குப் பழகியது.

நம் வீட்டில் குட்டி ஏற்கெனவே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மருமகளுக்கு அது உயிர், மாமியாருக்கு நடுக்கம். மருமகள் ஒரு கேள்வியைப் பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும்: "அத்தை, இப்போ பயம் பத்துக்கு எவ்வளவு?" மூடிய கதவுக்கு அப்பால் பூனை கத்தினால் இரண்டு. ஹாலின் மறுகோடியில், மூடிய கூடைக்குள் இருந்தால் நான்கு. அதே தூரத்தில் மருமகள் மடியில் இருந்தால் ஆறு. தரையில் தானாக நடந்தால் எட்டு. இந்த எண்களை மாமியார்தான் சொல்ல வேண்டும், வேறு யாரும் ஊகிக்கக் கூடாது. நான்கு என்று அவர் சொன்ன இடத்தில் தொடங்கலாம். அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க வேண்டும். நான்கு இரண்டாகும்வரை எழக் கூடாது. உச்சத்தில் எழுந்து ஓடினால் பழைய பாடமே உறுதிப்படும். அடுத்தடுத்த நாட்களில் அதே இடம் இரண்டிலேயே தொடங்கினால்தான் அடுத்த படி.

தொடும் நாள் வரும்போது பூனையின் முகம் மருமகள் பக்கம் இருக்கட்டும், மாமியார் முதுகை மட்டும் தொடட்டும். பெரும்பாலானவர்களுக்கு வாயும் நகமும்தான் பயம். யாராவது விளையாட்டாகப் பூனையை அவர் மடியில் போட்டுவிட்டால், பட்ட பாடெல்லாம் ஒரு நொடியில் போய்விடும். குழந்தைகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். பூனை எதிர்பாராமல் தாவிப் பயம் ஏறிவிட்டால், ஒரு படி கீழே இறங்கித் தொடர வேண்டியதுதான்.

பூனையின் பங்கும் உண்டு. வெறித்துப் பார்ப்பதும் கை நீட்டி வருவதும் அதற்கு மிரட்டல். பயந்து முகம் திருப்பி அசையாமல் இருப்பவரோ அதற்குப் பாதுகாப்பான ஆளாகத் தெரிவார். அதனால்தான் விருந்தாளிகளில் பயப்படுகிறவரையே தேடிப் போய்க் காலில் உரசுகிறது. உரசுவது தன் வாசனையைப் பதிக்கத்தான். இதைத் தெரிந்துகொண்டால் "என்னையே குறிவைக்குது" என்ற எண்ணம் தளரும். உட்காரும் முன் பூனையை விளையாடவைத்து, பிறகு சாப்பாடு கொடுத்தால் அது பெரும்பாலும் தூங்கப் போகும். இழுத்தால் கழன்றுகொள்ளும் பட்டையில் சிறு மணி கட்டினால் திடீரென்று வந்து நிற்பதும் குறையும். வாலைப் பட்பட்டென்று அடித்தாலோ காதை மடித்தாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

மாமியாரின் படுக்கையறைக்குப் பூனை வராதிருப்பது நியாயமான ஏற்பாடு, நிரந்தரமாகவே இருக்கலாம். ஆனால் அந்த எல்லை விரிகிறதா என்று கவனியுங்கள். சத்தம் போடாமலேயே அவர் சாப்பாட்டை அறைக்கு வரவழைக்கத் தொடங்கினால், இரவில் பாத்ரூம் போகத் தயங்கித் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால், வீடு அமைதியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். பயம் வளர்கிறது.

இதில் கடி, கீறல் பற்றிய நியாயமான கவலையும் கலந்திருக்கும். கால்நடை மருத்துவரிடம் பூனைக்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டு, அட்டையை மாமியாரிடமே காட்டுங்கள். கீறினாலோ கடித்தாலோ சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

படத்தைப் பார்த்தாலே மூச்சு முட்டுகிறவருக்கும், பயம் முட்டித் தூக்கம் கெட்டவருக்கும் வீட்டுப் பயிற்சி போதாது. மனநல மருத்துவரோ உளவியல் ஆலோசகரோ பக்கத்தில் இருந்து செய்ய வேண்டும். எங்கே போவதென்று தெரியாவிட்டால் அரசின் டெலி-மானஸ் எண் 14416-க்கு அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம். அதுவரை பூனைக்கு ஒரு தனி அறை, அல்லது சில வாரங்களுக்கு நண்பர் வீடு.