வேலைகளின் ஏற்ற இறக்கம்

கணினியில் ஒரே ஒரு ப்ராசஸர். அதற்காகக் காத்திருக்கும் வேலைகளோ பல. சிறிய வேலையை முதலில் முடித்து அனுப்பினால் காத்திருப்பு குறையும். ஆனால் எது சிறியது என்று ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு முன்கூட்டியே தெரியாது. வேலையை ஓடவிட்டு, அதன் போக்கைப் பார்த்து இடம் கொடுப்பதுதான் பல அடுக்கு வரிசை முறை. இதன் முதல் வடிவத்தை 1962-இல் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு விவரித்தது.

மூன்று வரிசைகள் இருப்பதாகக் கொள்வோம். மேல் வரிசையில் ஒரு வேலைக்கு 10 மில்லி விநாடி, நடுவில் 20, கீழே 40. புதிதாக வரும் வேலை எதுவானாலும் மேல் வரிசையில்தான் நுழையும். தன் பங்கைத் தீர்த்துவிட்டால் ஒரு படி இறங்கும். மேலே ஆள் இருக்கும்வரை கீழே இருப்பவருக்கு முறை வராது.

100 மில்லி விநாடி பிடிக்கும் வீடியோ மாற்றும் வேலை ஒன்று முதலில் வருகிறது. 10 வரை மேலே ஓடுகிறது, இறங்குகிறது. 30 வரை நடுவில் ஓடுகிறது, மறுபடி இறங்குகிறது. 50-ஆவது மில்லி விநாடியில், கீழே ஓடிக்கொண்டிருக்கும்போது, 15 மில்லி விநாடி தேவைப்படும் ஒரு கணக்கு வேலை வருகிறது. வீடியோ உடனே நிறுத்தப்படுகிறது. கணக்கு 60 வரை மேலேயும், மீதி 5-ஐ நடுவிலும் ஓடி 65-இல் முடிகிறது. வீடியோ தொடர்கிறது. 80-இல் எடிட்டரில் ஒரு விசை தட்டப்படுகிறது. அதற்கு 3 மில்லி விநாடி போதும். பிறகு அடுத்த விசைக்காக எடிட்டர் தானாகவே ஒதுங்குகிறது. பங்கு தீரவில்லை, ஆகவே மேல் வரிசையிலேயே இருக்கிறது. 100-இல் அடுத்த விசை, மறுபடி 3. கடைசியில் வீடியோ 121-இல் முடிகிறது. அதற்கு நேர்ந்த தாமதம் 21 தான். தட்டச்சு செய்தவரோ காத்திருக்கவே இல்லை.

இதில் ஓர் ஓட்டை உண்டு. 9 மில்லி விநாடி ஓடிவிட்டு, டிஸ்கில் எதையோ படிப்பதாகச் சாக்குச் சொல்லி ஒதுங்கும் நிரல், ஒவ்வொரு முறையும் புதிய பங்கு பெற்று மேலேயே உட்கார்ந்துவிடும். சாமர்த்தியம்தான்! எத்தனை முறை ஒதுங்கினாலும் ஓடிய நேரத்தைக் கூட்டிக்கொண்டே வந்து, மொத்தம் 10 ஆனதும் இறக்கிவிட்டால் அது பலிக்காது.

இன்னொரு சிக்கல் பட்டினி. மேலே எடிட்டர் போன்ற சிறு வேலைகள் நெருக்கமாக வந்துகொண்டே இருந்தால், வீடியோ கீழே கிடந்தபடி கிடக்கும். அதனால் குறிப்பிட்ட இடைவெளியில் எல்லா வேலைகளையும் மேல் வரிசைக்குத் தூக்கிவிடுவார்கள். அந்த இடைவெளிக்குச் சூத்திரம் எதுவும் கிடையாது. நீண்டால் பட்டினி, குறுகினால் வரிசைகளுக்கே பொருளில்லை. சோலாரிஸ் சிஸ்டம் 60 வரிசைகள் வைத்து, ஏறத்தாழ விநாடிக்கு ஒருமுறை முன்னுரிமையை உயர்த்தியது.