வீட்டைப் புதுப்பிக்கும் காலத்தில் வாடகை

காஞ்சிபுரத்தில் வாடகை வீட்டிலேயே தறி நெய்து வாழும் குடும்பங்கள் பல. அத்தகைய வீட்டின் ஓட்டுக் கூரையைப் பிரித்துக் கான்கிரீட் தளம் போட உரிமையாளர் முற்படும்போது, குடியிருப்போர் முதலில் கேட்பது இதுவே: “வேலை முடியும்வரை வாடகையை நிறுத்திவிடலாமா?”

நிறுத்தலாகாது என்பதே நாம் தரும் விடை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையிலுள்ள 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி, இரண்டு மாத வாடகை பாக்கி வெளியேற்றத்திற்கே காரணமாகலாம். ஆனால் அதே சட்டம், ஒப்பந்தத்திற்குப் பின் இடமோ வசதியோ குறைந்தால் வாடகைக் குறைப்புக் கேட்கும் உரிமையையும் அளிக்கிறது. நிறுத்துவது வேறு, குறைப்பது வேறு.

இவ்வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 1966இல் தெளிவாக்கியது. கல்கத்தாவின் ஸ்டீபன் கோர்ட் கட்டடத்தில், குத்தகைக்குப் பேசிய குடியிருப்பின் ஓர் அறை ஒப்படைக்கப்படவில்லை. மற்ற அறைகளை அனுபவிப்பவர் எதுவுமே செலுத்தாதிருப்பது முறையன்று. அனுபவிக்கும் பகுதிக்கேற்ற வாடகை செலுத்த வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். வீடு 600 சதுர அடி, வாடகை 6,000 ரூபாய் என்று கொள்வோம். கூரை வேலையால் 240 சதுர அடித் தறிக்கூடம் இரண்டு மாதம் பயன்படாது. அது வீட்டில் நூற்றுக்கு நாற்பது பங்கு. ஆகவே மாதம் 2,400 ரூபாய் குறைத்து 3,600 செலுத்துவதாகப் பேசுவது நியாயம். எனினும் இது பேச்சுக்கான அளவுகோலே. பரப்பளவை மட்டும் வைத்துக் கணக்கிட வேண்டும் என்று சட்டம் கூறவில்லை. நெய்ய முடியாத நாட்களின் கூலியும் இதில் அடங்காது. அதைத் தனியே பேசித் தீர்க்க வேண்டும்.

காலமும் முக்கியம். குழித்தறியில் பாவு ஏற்றியிருக்கும்போது அதை எளிதில் பெயர்க்க இயலாது. கூரையிலிருந்து விழும் தூசி பட்டைக் கெடுக்கும். ஆகையால் பாவு நெய்து முடிந்த பின் வேலை தொடங்கக் கேட்க வேண்டும்.

இவற்றையெல்லாம் வேலைக்கு முன்பே எழுத்தில் பெறுவது நலம்: தொடங்கும் நாள், முடியும் நாள், பயன்படாத பகுதி, குறைத்த வாடகை. புதுப்பித்தபின் வாடகையை உயர்த்த வேண்டுமாயின், அதற்கும் முன்னதாகவே உடன்பாடு செய்திருக்க வேண்டும்; உயர்வு வேலை முடிந்து ஒரு மாதத்திற்குப் பின்னரே நடைமுறைக்கு வரும். வேலையைக் காட்டித் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்க உரிமையாளருக்கு அதிகாரமில்லை. உடன்பாடு எட்டாவிடில் வாடகை அதிகாரியிடம் மனுச் செய்யலாம். அதுவரை வாடகையைச் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்வதே பாதுகாப்பு.

ஓர் எச்சரிக்கை: காலி செய்தாலன்றி நடைபெறாத பெரும் வேலையெனில், வீட்டைத் திரும்பக் கேட்க உரிமையாளருக்கு வழியுண்டு. வேலை முடிந்ததும் மீண்டும் குடியேற, இருவரும் இசைந்து புதிய ஒப்பந்தம் செய்ய வேண்டும். எனவே, “பிறகு வந்துவிடலாம்” என்ற வாய்ச்சொல்லை நம்பி எவரும் தறியைப் பெயர்த்துக்கொண்டு வெளியேற வேண்டாம்.