லாபம் அறுபது லட்சம், ரொக்கம் எங்கே?

"லாபம் அறுபது லட்சம்னு போட்டிருக்கீங்க சார். அப்புறம் எதுக்கு மாசாமாசம் சம்பளம் போட ஓ.டி.யில எடுக்கிறோம்?"

கடனுக்குச் சரக்கு விற்கும் எந்தத் தொழிலிலும், ஆடிட்டர் ஆண்டுக்கணக்கைக் கொண்டுவந்து வைக்கும் நாளில் முதலாளி கேட்கக்கூடிய கேள்வி இது. முதலாளி சொல்வதும் உண்மை, கணக்கும் சரி. லாபத்துக்கும் கையிருப்புக்கும் நடுவே பணம் எங்கெங்கே நின்றுவிட்டது என்பதைக் காட்டுவதற்கென்றே ரொக்க ஓட்ட அறிக்கை இருக்கிறது. அதைத் தயாரிக்கும் இரண்டு வழிகளில் பெருவாரியாகப் பயன்படுவது மறைமுக முறை. நேர் முறையில், வாடிக்கையாளரிடம் வாங்கியது, நூல் மில்லுக்குக் கொடுத்தது, கூலி கொடுத்தது என்று வரவையும் செலவையும் தனித்தனியாகக் கூட்டுவார்கள். மறைமுக முறையோ நிகர லாபத்திலிருந்து கிளம்பி, ஒவ்வொரு படியாகத் திருத்திக்கொண்டே போய் ரொக்கத்தை அடைகிறது.

திருத்தம் ஏன் தேவை? பில் போட்ட அன்றே அது விற்பனை என்று லாபக் கணக்கில் ஏறிவிடுகிறது. பணம் வருவதோ தொண்ணூறு நாள் கழித்து. செலவுகளும் அப்படித்தான், பணம் கொடுத்த நாளைப் பார்த்து எழுதப்படுவதில்லை.

ஒரு கற்பனைப் பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் இருக்கிறது, ஆண்டு விற்பனை 10 கோடி, வரி போக நிகர லாபம் 60 லட்சம். இந்த 60 லட்சம்தான் முதல் வரி.

அடுத்தது தேய்மானம், 25 லட்சம். தையல் இயந்திரங்களும் நிட்டிங் இயந்திரங்களும் தேய்ந்ததற்காகக் கணக்கில் கழித்த தொகை இது. இயந்திரத்துக்கான பணம் அதை வாங்கியபோதே போய்விட்டது. இந்த ஆண்டு இதற்காக யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. ஆகவே திரும்பக் கூட்டுகிறோம்: 85 லட்சம். தேய்மானம் பணத்தைக் கொண்டுவருகிறது என்று பலர் தப்பாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். தேய்மானத்தை 40 லட்சமாக ஏற்றி எழுதினால் வரிக்கு முந்தைய லாபம் 15 லட்சம் இறங்கும், திரும்பக் கூட்டுவதும் அதே 15 லட்சம் ஏறும். கட்டும் வரி மாறாதவரை ரொக்கம் அசையாது. முன்பு கழித்ததை ரத்து செய்கிறோம், அவ்வளவுதான்.

பிறகு வங்கி வட்டி, 18 லட்சம். இது உண்மையாகவே கட்டிய பணம். ஆனால் தொழில் நடத்தியதில் ஆன செலவு அல்ல, கடன் வாங்கியதற்கான விலை. நிதி நிறுவனம் அல்லாதவர்கள் அதை 'நிதித் திரட்டல்' பகுதியில் காட்டவேண்டும் என்பது இந்தியக் கணக்கியல் தரத்தின் விதி. எனவே இங்கே கூட்டி, அங்கே கழிக்கிறோம்: 103 லட்சம். பழைய இயந்திரம் ஒன்றை விற்ற கதை இதற்கு நேர்மாறு. ஏட்டில் 7 லட்சம் மதிப்பிருந்ததை 12 லட்சத்துக்கு விற்றதில் 5 லட்சம் லாபம். வந்த 12 லட்சமும் முதலீட்டுப் பகுதியில் முழுசாகக் காட்டப்படுகிறது. அந்த 5 லட்சத்தை இங்கேயும் விட்டுவைத்தால் ஒரே பணத்தை இரண்டு தடவை எண்ணியதாகும். கழித்தால் 98 லட்சம்.

இதுவரை நிலைமை நன்றாகத்தான் தெரிகிறது. முதலாளியின் கேள்விக்குப் பதில் இனிமேல் வருவதில் இருக்கிறது. தொடக்க இருப்புநிலைக் குறிப்பையும் முடிவு இருப்புநிலைக் குறிப்பையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும்.

சரக்கு வாங்கியவர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி, ஆண்டுத் தொடக்கத்தில் 110 லட்சம். முடிவில் 190 லட்சம். பத்துக் கோடிக்கு விற்றதில் வசூலானது 9 கோடியே 20 லட்சம்தான். மீதி 80 லட்சம் லாபத்துக்குள் இருக்கிறது, பெட்டிக்குள் இல்லை. கழித்ததும் 98 லட்சம் 18 லட்சமாகச் சுருங்குகிறது.

சரக்கிருப்பு 70 லட்சத்திலிருந்து 105 லட்சமாகியிருக்கிறது. குடோனில் கூடுதலாக அடுக்கியிருக்கும் நூலும் துணியும் விற்றால்தான் லாபக் கணக்கில் செலவாகும். அதற்கான விலையோ இப்போதே ஏறிவிட்டது. 35 லட்சத்தைக் கழித்தால் மைனஸ் 17 லட்சம். கடைசியாக, நூல் மில்லுக்கும் டையிங் பட்டறைக்கும் கம்பெனி தரவேண்டிய பாக்கி 60 லட்சத்திலிருந்து 72 லட்சமாகக் கூடியிருக்கிறது. வாங்கிய சரக்கில் 12 லட்சத்துக்கு இன்னும் பணம் தரவில்லை. அந்த அளவுக்குக் கையில் மிச்சம். கூட்டினால் விடை: மைனஸ் 5 லட்சம்.

அறுபது லட்சம் லாபம் காட்டிய ஆண்டில் தொழில் ஐந்து லட்சம் ரொக்கத்தை விழுங்கியிருக்கிறது. வட்டி கட்டவும் கடனை அடைக்கவும் தொழிலிலிருந்து ஒரு காசும் வரவில்லை. ஓ.டி. ஏறியதற்குக் காரணம் இதுதான்.

விடை சரியா என்று நேர் முறையில் சோதித்துப் பார்க்கலாம். வசூல் 920 லட்சம். தேய்மானம், வட்டி, வரி நீங்கலான செலவு 882 லட்சம். அதோடு கூடுதல் சரக்கு 35 லட்சத்தைச் சேர்த்து, கொடுக்காமல் விட்ட 12 லட்சத்தைக் கழித்தால் 905 லட்சம். கட்டிய வரி 20 லட்சம். 920-லிருந்து இரண்டையும் கழித்தால் அதே மைனஸ் 5.

பெரிய கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் முதல் வரி பெரும்பாலும் வரிக்கு முந்தைய லாபமாக இருக்கும். கட்டிய வரியைக் கடைசியில் கழிப்பார்கள். பாதை சற்று வேறு, சேருமிடம் ஒன்றே.

அமெரிக்காவின் டபிள்யூ.டி. கிராண்ட் என்ற பெரிய கடைச் சங்கிலிக்கு நேர்ந்தது இதே கதை. 1906-ல் தொடங்கிய அந்த நிறுவனம் கடைகளைப் பெருக்கியது, வாடிக்கையாளர்களுக்குத் தாராளமாகக் கடனுக்கு விற்றது, லாபமும் காட்டியது. 1973-ல்கூட அதன் பங்கு, ஒரு பங்குக்கான லாபத்தைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு விலை போனது. 1975 அக்டோபரில் திவால் மனு போட்டது. லார்கே, ஸ்டிக்னி என்ற இரு ஆய்வாளர்கள் 1980-ல் அதன் பழைய கணக்குகளை ரொக்கத்தின் கண்ணோடு மறுபடி பிரித்தார்கள். திவாலுக்கு முந்தைய பத்தாண்டில் பெரும்பாலான ஆண்டுகளில் தொழில் ரொக்கம் தரவே இல்லை. லாபமெல்லாம் வராக்கடனிலும் சரக்கிலும் நின்றுபோயிருந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்க நிறுவனங்களுக்கு ரொக்க ஓட்ட அறிக்கை கட்டாயமில்லை. 1987-ல்தான் அதற்கான விதி வந்தது.

இந்த முறையையும் அழகுபடுத்திக் காட்ட முடியும். நம் பனியன் கம்பெனி மார்ச் மாதம் தரவேண்டிய 40 லட்சத்தை ஏப்ரலுக்குத் தள்ளிவிட்டிருந்தால், அறிக்கை மைனஸ் 5-க்குப் பதில் பிளஸ் 35 காட்டியிருக்கும். தொழிலில் எதுவும் மாறியிருக்காது, நூல் மில்காரர்தான் காத்திருப்பார். வரவேண்டிய பாக்கியை ஆண்டு முடிவில் வங்கிக்கு விற்றுக் காசாக்கினாலும் எண் இதேபோல் எழும்பும். ஓர் ஆண்டு மட்டும் ரொக்கம் திடீரென்று நன்றாகத் தெரிந்து, தரவேண்டிய பாக்கி விற்பனையைவிட வேகமாக வளர்ந்திருந்தால் சந்தேகப்படவேண்டும். மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் இந்தத் தள்ளிப்போடல் வெளுத்துவிடும்.

இந்தியப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் ஆண்டறிக்கையில் ரொக்க ஓட்ட அறிக்கையை மறைமுக முறையில் மட்டுமே தரவேண்டும் என்பது செபியின் விதி. ஆகவே பங்கு வைத்திருப்பவர் யாரும் இந்தக் கணக்கைப் போடத் தேவையில்லை. போட்ட கணக்கு அச்சிலேயே இருக்கிறது. அறிக்கை கைக்கு வந்ததும் லாபத்தைப் பார்த்துவிட்டு மூடிவைக்காதீர்கள். வரவேண்டிய பாக்கி, சரக்கிருப்பு, தரவேண்டிய பாக்கி என்ற மூன்று வரிகளைத் தேடி, மூன்று ஆண்டு எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது.