ஆறு வரிக்கு ஒரு கோடு

வானிலிருந்து எடுத்த படத்தில் ஆழ்கடல் ஒரே சீரான கருமையாகத் தெரிய வேண்டும். ஆனால் 1970-களில் லேண்ட்சாட் செயற்கைக்கோள் அனுப்பிய சில படங்களில் கடற்பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்தால், கோடு போட்ட நோட்டுத்தாள் போல மெல்லிய கோடுகள் குறுக்கே ஓடுகின்றன. விரல் வைத்து எண்ணினால் ஒரு கணக்கு பிடிபடும். வெளிறிய ஒரு கோட்டிலிருந்து அடுத்த வெளிறிய கோட்டுக்குச் சரியாக ஆறு வரி.

ஏன் ஆறு? 1972 ஜூலை 23 அன்று விண்ணுக்குப் போன லேண்ட்சாட்-1, நம் கைபேசி கேமரா போல முழுக் காட்சியையும் ஒரே சொடுக்கில் எடுக்கவில்லை. அதிலிருந்த கண்ணாடி ஒன்று இப்படியும் அப்படியும் ஆடி நிலத்தைக் குறுக்கே வருடியது. ஒவ்வொரு வருடலிலும் ஒரு நிறப்பட்டைக்கு ஆறு உணரிகள் சேர்ந்து ஆறு வரிகளைப் பதிவு செய்தன. ஒரு வரி தரையில் சுமார் 79 மீட்டர் அகலம். ஆறு பேர் வரிசையாக நின்று நீண்ட சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஆளின் கை மட்டும் கொஞ்சம் கனம் என்றால், சுவர் முழுக்க ஆறு பட்டைக்கு ஒரு பட்டை தடிப்பாகத் தெரியும். இங்கே உணரிகள் ஆறும் ஒன்றுபோல் அளக்கவில்லை. கோடு அப்படித்தான் வந்தது.

நிலப்பகுதியில் வயலும் ஊரும் ஆறும் கலந்து கிடப்பதால் கோடு கண்ணுக்கு எளிதில் அகப்படாது. அங்கேயும் அதைத் தனியே பிரித்துக் காட்ட ஃபூரியே மாற்றம் உதவுகிறது. எந்தப் படத்தையும் பல அலைகளின் கூட்டாக எழுதிவிடலாம் என்பது அதன் அடிப்படை. படத்தை மாற்றினால் கிடைக்கும் ஃபூரியே நிறமாலையும் ஒரு படம்தான். அதன் நடுப்புள்ளி, மொத்தப் படத்தின் சராசரி வெளிச்சத்தைச் சொல்கிறது. நடுவிலிருந்து விலக விலக, நெருக்கமான அலைகள். நடுவிலிருந்து எந்தத் திசையில் ஒரு புள்ளி இருக்கிறதோ, அந்தத் திசையில் அந்த அலை ஏறி இறங்குகிறது. நம் கோடுகள் கிடையாக ஓடுவதால், வெளிச்சம் மேலும் கீழுமாகத்தான் மாறுகிறது. ஆகவே அவற்றின் தடயம் நடுவிலிருந்து நேர் மேலேயும் நேர் கீழேயும் கிடைக்கும்.

எந்த இடத்தில் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். 600 வரி, 600 பத்தி கொண்ட ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம். ஆறு வரிக்கு ஒரு முறை என்றால் மேலிருந்து கீழே 100 முறை. எனவே நடுவிலிருந்து 100 புள்ளி தள்ளி ஒரு கூர்முனை. அதற்கு எதிர்ப்புறம் அதே தொலைவில் இரட்டைப்பிறவியாக இன்னொன்று. கோடு வழவழப்பான அலையாக இல்லாமல் வெடுக்கென்று வந்து போவதால், 200 புள்ளி தள்ளி ஒரு ஜோடியும், 300 தள்ளி விளிம்பில் ஒன்றும் கூடவே வரும். மொத்தம் ஐந்து. இயற்கைக் காட்சியின் பங்கு நடுவில் பிரகாசமாகத் தொடங்கி வெளியே போகப் போக மங்கிவிடும். மங்கிய பின்னணியில் இந்த ஐந்தும் விண்மீன்கள் போலத் தனித்து நிற்கும். நடுப்புள்ளியின் பிரகாசம் மற்றதை அடக்கிவிடும் என்பதால், நிறமாலையை மடக்கை அளவில்தான் பார்க்க வேண்டும்.

இனி அந்த ஐந்து இடங்களில் மட்டும் சிறு பள்ளம் தோண்டி அலைகளை அடக்கிவிட்டு, மீண்டும் படமாகத் திருப்பினால் போதும். பைத்தானில் வேலை இவ்வளவுதான்:

```python
F = np.fft.fftshift(np.fft.fft2(img))
y, x = np.indices(img.shape)
H = np.ones(img.shape)
for r in (0, 100, 200, 400, 500, 600):
    H *= 1 - np.exp(-((y-r)**2 + (x-300)**2) / (2*3**2))
out = np.fft.ifft2(np.fft.ifftshift(F*H)).real
```

நடுப்புள்ளி 300-வது வரியில் இருக்கிறது. பட்டியலில் அது இல்லை. அதைத் தொட்டால் படத்தின் வெளிச்சமே போய்விடும். 0, 600 என்ற இரண்டும் விளிம்பில் உள்ள ஒரே கூர்முனையின் இரு பக்கங்கள். `3` என்பது பள்ளத்தின் அகலம்.

அந்த அகலத்தில்தான் கைப்பக்குவம் தேவை. நிஜக் காட்சியிலும் அதே இடத்தில் கொஞ்சம் பங்கு இருக்கிறது. கடல்மேல் நிற்கும் ஒரு வெண்மேகத்தின் விளிம்பு எல்லா அலைகளையும் சேர்த்தால்தான் கூர்மையாக வரும். பள்ளம் அகன்றுவிட்டால், மேகத்தின் மேலேயும் கீழேயும் ஆறு வரி இடைவெளியில் இல்லாத அலைகள் புதிதாக முளைக்கும். பள்ளத்தின் கரை செங்குத்தாக இருந்தால் இந்தத் தொல்லை கூடும். அதனால்தான் மேலே உள்ள நிரலில் கரை மெல்லச் சரிகிறது.

அளவு மீறிவிட்டோமா என்று கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று உண்டு. பழைய படத்திலிருந்து புதிய படத்தைக் கழித்து, எதை எடுத்தோம் என்று பாருங்கள். அதில் வெறும் கோடுகள் மட்டும் இருந்தால் சரி. கரையோரத்தின் வடிவமோ மேகத்தின் நிழலுருவோ தெரிந்தால், கோட்டோடு காட்சியையும் சேர்த்து வெட்டிவிட்டோம்.

மாறாக, கடலில் கோடு மறைந்து வெளிச்சமான மணற்பரப்பில் மட்டும் மிச்சமிருந்தால், அதற்குக் காரணம் வேறு. அங்கே உணரி ஒரு நிலையான எண்ணைக் கூட்டவில்லை. வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டியிருக்கிறது. அப்போது கூர்முனையைச் சுற்றிக் காட்சியின் நகலே படர்ந்துவிடும். சிறு பள்ளம் போதாது. முதலில் படத்தின் மடக்கையை எடுத்தால் பெருக்கல் கூட்டலாக மாறும். வெட்டிய பிறகு பழைய அளவுக்குத் திருப்பிக்கொள்ளலாம்.

துண்டின் அளவையும் கவனிக்க வேண்டும். வழக்கப்படி 512 வரி எடுத்தால், ஆறால் வகுக்க 85.33 வருகிறது. கூர்முனை எந்தப் புள்ளியிலும் உட்காராமல் அக்கம்பக்கம் கசியும். ஆறின் மடங்காக வெட்டினால் அது ஊசிமுனையாக நிற்கும். வரைபடத்தோடு பொருத்தி 60 மீட்டர் புள்ளிகளாக மாற்றிய படமாக இருந்தால், ஆறு வரி ஏறக்குறைய எட்டாக நீண்டு, கோடும் சற்றுச் சாய்ந்திருக்கும். கூர்முனைகளும் நேர்க்கோட்டிலிருந்து விலகியிருக்கும். அவற்றை நிறமாலையில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு சிறு கணக்கு. கடலின் உண்மை அளவு 20 என்றும், மூன்றாவது உணரி மட்டும் 6 கூட்டிச் சொல்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். வரிகள் 20, 20, 26, 20, 20, 20. ஐந்து கூர்முனைகளையும் வெட்டியபின் எல்லா வரியும் 21 ஆகிவிடும். கோடு போயிற்று, ஆனால் பிழையின் சராசரியான 1, நாம் தொடாமல் விட்ட நடுப்புள்ளியில் தங்கிவிட்டது. ஒரு வரியின் தவறை ஆறு வரிகளுக்கும் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறோம். கரை எங்கே, மணல்திட்டு எங்கே என்று கண்ணால் பார்க்க இந்தப் படம் போதும். கடல்நீரின் கலங்கலை எண்ணால் அளக்க வேண்டும் என்றால், எந்த உணரி தவறு செய்தது என்று கண்டு அதன் அளவையே திருத்த வேண்டும். அந்த விவரம் நிறமாலையின் பள்ளங்களில் கிடைக்காது.