லிஃப்ட் ஏன் மறுபடியும் நிற்கிறது?

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் காவலாளி அறையில் லிஃப்டுக்கென்று ஒரு நோட்டு இருக்கும். அதில் பெரும்பாலான வரிகள் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கும்: "காலை 8.40. இரண்டாம் நம்பர் லிஃப்ட் நின்றுவிட்டது. மெக்கானிக் வந்தார். ரீசெட் செய்தார். ஓடுகிறது." பத்து நாள் கழித்து இதே வரி மறுபடியும் வரும். எது பழுதானது, எது சரிசெய்யப்பட்டது என்பது மட்டும் எங்குமே இருக்காது. ஆனால் இந்த நோட்டில் இன்னும் நான்கைந்து விவரங்களைச் சேர்த்து எழுதி, ஒரு வருடப் பதிவைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால், திரும்பத் திரும்ப வரும் பழுது எந்தத் தளத்தில், எந்த பாகத்தில் இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

அதற்கு முதலில் லிஃப்ட் எப்படி நிற்கிறது என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் இருக்கும் வெளிக்கதவின் பூட்டில் ஒரு மின்தொடுப்பு உண்டு. லிஃப்டின் உள்கதவிலும் ஒன்று உண்டு. வேகம் மிஞ்சினால் நிறுத்தும் கவர்னர், எல்லை தாண்டினால் நிறுத்தும் லிமிட் சுவிட்ச், குழியில் இருக்கும் ஸ்டாப் சுவிட்ச் என எல்லாமே இதே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். திருவிழாவில் தொங்கவிடும் சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் மொத்தமும் அணைவதைப் போல, இந்தச் சங்கிலியில் எந்த ஒரு தொடுப்பு கணநேரம் விட்டாலும் மோட்டாருக்கு மின்சாரம் நின்று பிரேக் பிடித்துக்கொள்ளும். பாதுகாப்புக்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் பழுது தேடுபவருக்கு இதனாலேயே ஒரு சிக்கல் வருகிறது. விட்ட தொடுப்பு அடுத்த நொடியே சேர்ந்துவிட்டால், மெக்கானிக் வரும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். அவர் ரீசெட் செய்வார், லிஃப்ட் ஓடும். காரணம் அங்கேயே இருக்கும்.

இதைப் பதிவேட்டைக் கொண்டு எப்படிப் பிடிப்பது என்பதை ஒரு மாதிரிக் கணக்கோடு பார்க்கலாம். தரைத்தளமும் அதற்கு மேல் 12 தளங்களும் நான்கு லிஃப்டுகளும் உள்ள ஒரு குடியிருப்பை வைத்துக்கொள்வோம். ஒரு வருடத்தில் இரண்டாம் நம்பர் லிஃப்டுக்கு மட்டும் 24 பதிவுகள். மற்ற மூன்றுக்கும் சேர்த்தே 21தான். எனவே தேடவேண்டியது இரண்டாம் நம்பரில்.

அந்த 24 பதிவுகளையும் எந்தத் தளத்தில் நின்றது என்று பிரித்தால், தரைத்தளத்துக்கு 9 வருகிறது. சங்கக் கூட்டத்தில் இதைப் பார்ப்பவர்கள், "தரைத்தளக் கதவுதான் மோசம், அதை மாற்றுங்கள்" என்பார்கள். அங்கேதான் நிதானிக்க வேண்டும். குடியிருப்பில் ஏறக்குறைய எல்லாப் பயணமும் தரைத்தளத்தில் தொடங்கும் அல்லது அங்கே முடியும். ஆகவே கதவு திறந்து மூடுவதில் சுமார் பாதி தரைத்தளத்தில்தான் நடக்கிறது. பாதி வேலை செய்யும் கதவில் 24க்கு 12 பழுது வந்தாலும் அது அதன் பங்குதான். வந்ததோ 9. மீதிப் பாதியை 12 தளங்களும் பகிர்ந்துகொள்கின்றன. கணக்குப்படி ஒவ்வொரு மேல்தளத்துக்கும் ஒரு பழுதுதான் வர வேண்டும். அதைவிட எந்தத் தளம் வெகுவாக மிஞ்சுகிறது என்பதே சரியான கேள்வி.

வெறும் தள எண்ணை மட்டும் பார்த்தால் இதற்கு விடை குழப்பமாகவே கிடைக்கும். "6க்கும் 7க்கும் நடுவில் நின்றது" என்று ஐந்து பதிவுகள். "7க்கும் 8க்கும் நடுவில்" என்று இரண்டு. இரண்டும் வேறு வேறு இடம்போலத் தோன்றும். இங்கேதான் லிஃப்ட் ஏறியதா இறங்கியதா என்ற குறிப்பு கைகொடுக்கிறது. அந்த ஐந்து முறையும் லிஃப்ட் இறங்கிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டு முறையும் ஏறிக்கொண்டிருந்தது. ஓடும் லிஃப்டில் தொடுப்பு விட்டால், பிரேக் பிடித்துச் சிறிது தூரம் நகர்ந்த பிறகே அது நிற்கும். இறங்கும்போது 7ஆம் தளத்தைக் கடக்கையில் தொடுப்பு விட்டால் 7க்குக் கீழே நிற்கும், ஏறும்போது விட்டால் 7க்கு மேலே நிற்கும். ஏழு பதிவுகளும் காட்டுவது ஒரே இடத்தைத்தான்: 7ஆம் தளத்து வெளிக்கதவின் பூட்டு. ஒன்று வரவேண்டிய இடத்தில் ஏழு வந்திருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. அந்த ஏழு முறையும் 7ஆம் தளத்தில் யாரும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. லிஃப்ட் அந்தத் தளத்தில் நிற்காமல் கடந்துபோகும்போதுதான் பழுது வருகிறது. வெளிக்கதவைத் தானாகத் திறக்க மோட்டார் கிடையாது. உள்கதவோடு சேர்ந்த கப்ளர் என்ற தகட்டு அமைப்புதான் வெளிக்கதவுப் பூட்டின் உருளைகளைப் பற்றி அதைத் திறக்கிறது. நிற்காத தளங்களில் அந்தத் தகடு உருளைகளைத் தொடாமல், சில மில்லிமீட்டர் இடைவெளியில் கடந்துபோக வேண்டும். இடைவெளி குறைந்தால் தகடு உருளையில் இடிக்கும். பூட்டின் கொக்கி லேசாக எழும்பும், தொடுப்பு கணநேரம் விடும், லிஃப்ட் நிற்கும். உருளை பழைய நிலைக்கு வந்ததும் தொடுப்பு மறுபடி சேர்ந்துவிடும். ரீசெட் செய்ததும் லிஃப்ட் ஏன் ஓடுகிறது என்பதற்கு விளக்கம் இதுதான்.

ஏழில் ஐந்து காலை எட்டிலிருந்து ஒன்பதரைக்குள் நடந்தவை. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் போகிறவர்கள் நெருக்கியடித்து நிற்கும் நேரம் அது. கூட்டம் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றால் லிஃப்ட் பெட்டி இம்மியளவு சாயும். ஏற்கெனவே குறைந்துபோன இடைவெளி அப்போது முழுவதுமே போய்விடுகிறது. மதியம் மெக்கானிக் காலிப் பெட்டியை ஓட்டிப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாததற்கு இதுவே காரணம். பதிவுகளின் தேதியைப் பார்த்தால் எல்லாமே ஜூனுக்குப் பிறகு. காவலாளியிடம் இருக்கும் வீடு மாற்றும் பதிவேட்டில், ஜூன் முதல் வாரத்தில் 7ஆம் தளத்துக்கு ஒரு குடும்பம் சாமான்களோடு வந்த குறிப்பு இருக்கிறது. பீரோவோ கட்டிலோ கதவில் மோதியிருக்கலாம். இது வெறும் ஊகம்தான். ஆனால் மெக்கானிக்கிடம் "லிஃப்டைப் பாருங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், "7ஆம் தளத்து வெளிக்கதவில் உருளைக்கும் கப்ளருக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள், கதவைத் தாங்கும் ரோலர்களும் போல்ட்டுகளும் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்" என்று சொல்ல அது போதும்.

இதே அறிகுறி ஒரு தளத்தில் மட்டும் இல்லாமல் பல தளங்களிலும் பரவியிருந்தால் முடிவு வேறாகும். அப்போது கோளாறு எந்த வெளிக்கதவிலும் இருக்காது, எல்லாத் தளங்களுக்கும் பொதுவான பெட்டியில் இருக்கும். பெட்டியைத் தண்டவாளத்தில் பிடித்து வழிநடத்தும் கைடு ஷூவின் லைனர் தேய்ந்து பெட்டி ஆடலாம், அல்லது கப்ளரே இடம் விலகியிருக்கலாம். கதவு கதவாகச் சரிசெய்து காசு செலவழிக்காமல் நேராக லைனரைப் பார்க்கலாம்.

தரைத்தளத்தின் 9 பதிவுகளும் இன்னொரு வகை. அவற்றில் லிஃப்ட் நடுவழியில் நிற்கவில்லை. கதவு மூடப்போய், திரும்பத் திரும்பத் திறந்துகொள்கிறது. 9இல் 5 பதிவுகள் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழை மாதங்களில் வந்தவை. ஈரச் செருப்போடு வரும் மணல், கதவு ஓடும் அடிக்காடியில் படிந்து இறுகுகிறது. கதவு தடுத்து நிற்கும்போது, யாரோ குறுக்கே இருப்பதாக எடுத்துக்கொண்டு லிஃப்ட் மறுபடி திறக்கிறது. மீதி 8 பதிவுகளில் 3, மின்வெட்டின்போது ஆட்கள் உள்ளேயே மாட்டிக்கொண்டவை. மின்சாரம் போனால் பேட்டரியில் அருகிலிருக்கும் தளத்துக்குக் கொண்டுசேர்க்க வேண்டிய ஏ.ஆர்.டி. கருவி அப்போது வேலை செய்யவில்லை. எஞ்சிய 5 பதிவுகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. அவற்றை விட்டுவிடுவதே நல்லது. சிதறிக்கிடப்பதற்கெல்லாம் காரணம் தேடினால் இல்லாத ஒழுங்கு இருப்பதாகத் தோன்றும்.

இப்போது பராமரிப்பு அட்டவணை தானாக உருவாகிவிடுகிறது. மாதம் ஒருமுறை வரும் ஏ.எம்.சி. மெக்கானிக் எல்லாவற்றையும் மேலோட்டமாகத் துடைத்துவிட்டுப் போவதற்குப் பதில், 7ஆம் தளக் கதவு இந்த வாரமே சரிசெய்யப்பட வேண்டும். தரைத்தளக் காடியை மழை மாதங்களில் வாரம் ஒருமுறையும் மற்ற மாதங்களில் மெக்கானிக் வரும்போதும் சுத்தம் செய்ய வேண்டும். ஏ.ஆர்.டி. பேட்டரியை மாதந்தோறும் மெக்கானிக் மின்சாரத்தை நிறுத்திச் சோதிக்க வேண்டும். சோதித்த தேதியும் நோட்டில் ஏற வேண்டும்.

செய்த வேலை பலித்ததா என்று பார்க்கவும் அதே நோட்டுதான். ஆனால் அவசரப்படக்கூடாது. வருடத்துக்கு ஏழு என்றால் சராசரியாக ஒன்றே முக்கால் மாதத்துக்கு ஒரு பழுது. ஒன்றுமே சரிசெய்யாமல் விட்டிருந்தாலும், இரண்டு மாதம் பழுதே வராமல் போக ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆறு மாதம் அப்படிப் போக, நூற்றில் மூன்று பங்கு வாய்ப்புதான். ஆகவே ஆறு மாதம் 7ஆம் தளம் அமைதியாக இருந்தால்தான் பழுது போய்விட்டது என்று நம்பலாம்.

இத்தனைக்கும் நோட்டில் எழுதவேண்டியவை கொஞ்சம்தான். தேதி, நேரம், லிஃப்ட் எண், ஏறியதா இறங்கியதா, எந்தத் தளத்தருகே நின்றது, கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா, உள்ளே எத்தனை பேர், மின்சாரம் இருந்ததா. மெக்கானிக் வந்ததும், கட்டுப்பாட்டுப் பெட்டியின் திரையில் தெரியும் பிழைக் குறியீட்டை ரீசெட் செய்வதற்கு முன்பே பார்த்து எழுதச் சொல்ல வேண்டும். அந்த நினைவகம் பெரும்பாலும் கடைசிச் சில பிழைகளை மட்டுமே வைத்திருக்கும். புதியது வந்தால் பழையது அழிந்துவிடும். "சரிசெய்யப்பட்டது" என்ற சொல்லுக்குப் பதில், எந்த பாகத்தை என்ன செய்தார் என்று அவர் கையாலேயே எழுதட்டும்.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. அதை மறந்தால் ஆபத்து. பதிவேடு காட்டுவது அடிக்கடி வரும் பழுதுகளை மட்டுமே. பிரேக் லைனிங் தேய்வது, இரும்புக் கயிற்றின் இழைகள் அறுவது, கவர்னர் இறுகிப்போவது எல்லாம் மாதக்கணக்கில் ஒரு பதிவுகூட இல்லாமல் வளரும். ஒரு வருடமாகப் பிரேக் பற்றி ஒரு வரியும் இல்லையே என்று அதன் சோதனையைத் தள்ளிப்போட்டால், முதல் பதிவே விபத்தாக இருக்கும். தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் லிஃப்டுகள் சட்டப்படி லிஃப்டுக்கு உரிமமும் அரசு ஆய்வும் உண்டு. நோட்டு என்ன சொன்னாலும் அவற்றைக் குறித்த காலத்தில் முடிக்க வேண்டும். கதவையும் பேட்டரியையும் எப்போது கவனிப்பது என்று பதிவேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பிரேக், கயிறு, கவர்னர் மூன்றையும் நாட்காட்டியைப் பார்த்துச் சோதியுங்கள்.