மூன்று தூண்டில்கள்

பூச்சாடித் தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டால் ஏடிஸ் கொசு ஒழிந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. ஏடிஸ் கொசு பெரும்பாலும் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, தட்டின் ஈரமான உட்சுவரில் முட்டையிடுகிறது. முட்டைகள் அங்கேயே ஒட்டிக்கொள்கின்றன. நீரைக் கொட்டினாலும், தட்டு முழுவதும் காய்ந்தாலும் அவை பல மாதங்கள் உயிரோடு இருக்கக்கூடும். மீண்டும் நீரில் மூழ்கியதும் பொரிந்துவிடும். ஆகவே, தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இந்தச் செய்தியை ஒரு பள்ளியின் ஊடகக் கழக மாணவர்கள் 40 விநாடிக் காணொளியாகத் தயாரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘தேய்த்துக் கழுவுங்கள்’ என்னும் முக்கிய வரி 25ஆம் விநாடியில்தான் வருகிறது. கைப்பேசியில் காணொளி பார்ப்பவரோ முதல் சில விநாடிகளில் பிடிக்கவில்லையென்றால் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அவரைப் பொறுத்தவரை அந்த வரி சொல்லப்படவே இல்லை.

பார்வையாளரை நிறுத்திவைக்கும் தொடக்கத்தை ஊடகத் துறையினர் ‘தூண்டில்’ என்பர். எந்தத் தூண்டில் பயன்படும் என்பதில் மாணவர்களிடையே கருத்து வேறுபாடு எழுகிறது. வாதம் செய்து முடிவெடுப்பதைவிடச் சோதித்துப் பார்ப்பது நல்லது என்று அவர்கள் மூன்று தொடக்கங்களைப் படமெடுக்கிறார்கள்.

முதலாவது, ஒரு கேள்வி. மாணவி ஒருத்தி தட்டிலுள்ள நீரைக் கொட்டிக்கொண்டே, “நீரைக் கொட்டினால் கொசு ஒழிந்துவிடுமா?” என்று கேட்கிறாள். இரண்டாவதில் காய்ந்த தட்டு ஒன்று மிக அருகில் தெரிகிறது. விளிம்பிலுள்ள சிறிய கரும்புள்ளிகளை விரல் ஒன்று சுட்டிக்காட்ட, “இந்தத் தட்டு காய்ந்து ஒரு மாதம் ஆகிறது. ஆனாலும், இதில் கொசு காத்திருக்கிறது,” என்கிறது குரல். மூன்றாவது, அச்சமூட்டுவது. இருண்ட வீடு, படபடக்கும் இசை, “உங்கள் உயிரைக் குடிக்கும் எதிரி உங்கள் வீட்டிலேயே ஒளிந்திருக்கிறான்!” என்னும் சிவப்பு எழுத்துகள். கழகத்தில் பெரும்பாலோரின் வாக்கு மூன்றாவதற்கே.

மூன்றிலும் முதல் 5 விநாடிகள் மட்டுமே வேறு. எஞ்சிய 35 விநாடிகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. தலைப்பும் முகப்புப் படமும் மாறவில்லை. இது மிகவும் தேவையானது. தொடக்கத்தோடு இசையையும் தலைப்பையும் சேர்த்து மாற்றிவிட்டால், வேறுபாடு எதனால் வந்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. அடுத்தடுத்த மூன்று வாரங்களில், ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் அவற்றை வெளியிடுகிறார்கள். இதிலும் ஒரு குறை உண்டு. முதல் காணொளியைப் பார்த்த சிலர் மூன்றாவதையும் பார்ப்பார்கள். விடை அவர்களுக்கு முன்னரே தெரியும். இக்குறையை முற்றிலும் நீக்க இயலாது. புதியவர்கள் மிகுதியாகப் பார்க்கும்போது அதன் பாதிப்பு குறையும், அவ்வளவுதான்.

யூடியூப் போன்ற தளங்கள் காணொளியின் உரிமையாளருக்கு ஒரு வளைகோட்டைக் காட்டுகின்றன. ஒவ்வொரு விநாடியிலும் எத்தனை விழுக்காட்டினர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தனர் என்பதை அது சொல்லும். இதற்குப் பார்வையாளர் தக்கவைப்பு என்று பெயர். கோடு இடமிருந்து வலமாகச் சரிந்துகொண்டே போவது இயல்பு. எங்கே, எவ்வளவு செங்குத்தாகச் சரிகிறது என்பதே கவனிக்கத்தக்கது.

ஒவ்வொரு காணொளியையும் ஏறத்தாழ 600 பேர் பார்த்ததாகக் கொள்வோம். 3ஆம் விநாடியில் கேள்வித் தூண்டிலுக்கு 62 விழுக்காட்டினரும், காய்ந்த தட்டுக்கு 58 விழுக்காட்டினரும், அச்சமூட்டும் தூண்டிலுக்கு 78 விழுக்காட்டினரும் எஞ்சியிருக்கிறார்கள். இந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்தால் அச்சமே வென்றது. பலர் இங்கேயே நிறுத்திவிடுகின்றனர்; பெரும் தவறு நேர்வதும் இங்கேதான்.

கோட்டைத் தொடர்ந்து பார்த்தால் நிலை மாறுகிறது. 10ஆம் விநாடியில் அச்சமூட்டும் காணொளி 44 விழுக்காட்டிற்கு விழுந்துவிடுகிறது. ஏன்? தொடக்கம் திகில் கதை ஒன்றை எதிர்பார்க்க வைத்தது. 6ஆம் விநாடியில் திரையில் வந்ததோ பூச்சாடித் தட்டு. ஏமாந்தவர்கள் போய்விட்டார்கள். காய்ந்த தட்டின் கோடு அப்படி விழவில்லை. அதே 10ஆம் விநாடியில் 53 விழுக்காட்டினர் இருக்கிறார்கள். காய்ந்த தட்டில் கொசு எப்படி இருக்கும் என்னும் வியப்பு அவர்களிடம் எழுந்திருக்கிறது. அதற்கான விடையைத்தான் அடுத்த பகுதி தருகிறது. கேள்வித் தூண்டில் இரண்டுக்கும் இடையில், 50 விழுக்காட்டில் நிற்கிறது. கேள்வி சரியானதுதான். ஆயினும், ‘ஒழியாது’ என்று விடையை ஊகித்துவிட்டவர்களுக்குக் காத்திருக்கக் காரணம் இல்லாமற்போனது போலும்.

முடிவைத் தருவது 25ஆம் விநாடி. முக்கிய வரி ஒலிக்கும் அந்த நொடியில் காய்ந்த தட்டைப் பார்ப்போர் 48 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 288 பேர். கேள்விக்கு 40 விழுக்காடு, 240 பேர். அச்சத்திற்கு 30 விழுக்காடு, 180 பேர். தொடக்கத்தில் கடைசியில் நின்ற தூண்டிலே செய்தியை அதிகமானோரிடம் சேர்த்திருக்கிறது.

எண்களை நம்புவதற்கும் ஓர் அளவுண்டு. 600 பேருக்குப் பதிலாக 50 பேர் மட்டும் பார்த்திருந்தால், 48 விழுக்காடு என்பது 24 பேர். 40 விழுக்காடு என்பது 20 பேர். வேறுபாடு நான்கே பேர். அந்த நால்வர் பேருந்து வந்துவிட்டதால் கைப்பேசியை மூடியிருக்கலாம். அத்தகைய நிலையில் இரண்டும் சமம் என்று கொண்டு, மேலும் பலர் பார்க்கும்வரை பொறுத்திருப்பதே முறை. 600 பேர் பார்த்தபோதும், 3ஆம் விநாடியில் இருந்த 62க்கும் 58க்கும் உள்ள சிறு வேறுபாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

மூன்று கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது மாணவர்கள் எதிர்பாராத ஒன்றும் தெரிகிறது. 15ஆம் விநாடியில் மூன்று கோடுகளும் ஒரே அளவில் சட்டென்று சரிகின்றன. மூன்றிலும் பொதுவாக உள்ள சரிவுக்குத் தூண்டில் காரணமாக இருக்க முடியாது. அந்த இடத்தில் கொசுவின் நான்கு வளர்ச்சிப் பருவங்களும் சிறிய எழுத்துகளில் ஒரே படமாக 6 விநாடிகள் நிற்கின்றன. படத்தை வரைந்த மாணவனுக்கு அதை நீக்க மனமில்லை. இரண்டு நாள் உழைப்பு அது. இறுதியில் முட்டைப் பருவத்தை மட்டும் பெரிதாக்கி, 2 விநாடிகளில் முடிக்கச் சம்மதிக்கிறான்.

காய்ந்த தட்டுத் தொடக்கமும் சுருக்கிய படமும் கொண்ட நான்காவது காணொளி வெளியாகிறது. மற்ற மூன்றும் பொதுப் பார்வையிலிருந்து நீக்கப்படுகின்றன. இதன் கோட்டையும் அவர்கள் பார்ப்பார்கள். ஆனால், எத்தனை பேர் கேட்டார்கள் என்பதை மட்டுமே கோடு காட்டும். எத்தனை வீடுகளில் தட்டு தேய்க்கப்பட்டது என்பதை அறிய, கழகத்தினர் தத்தம் வகுப்புத் தோழர்களிடம் நேரில் கேட்க வேண்டியிருக்கும்.